விரல் போனது கிளவுஸ் போடாததாலா? தொழிற்சாலைப் பாதுகாப்பின் ஐந்து படிகள், ஒரு பிரஸ் ஷாப் வழியாக

நீங்கள் ஓட்டும் பைக்கில், காரில் எத்தனை சின்னச் சின்னத் தகட்டுப் பாகங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பிராக்கெட், கிளாம்ப், வாஷர் என்று அவற்றில் பெரும்பகுதி பெரிய கம்பெனிகளில் தயாராவதில்லை. ஃபரிதாபாத், மானேசர், புனே, ஓசூர் போன்ற இடங்களில் இருபது, முப்பது பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறைகளில், பவர் பிரஸ் என்ற இயந்திரத்தில் அடித்து எடுக்கப்படுகின்றன. இந்தப் பட்டறைகளில் விரல் போவது அரிதான செய்தி அல்ல. குருகிராம் - மானேசர் பகுதியில் இயங்கும் சேஃப் இன் இந்தியா அமைப்பு 2019 முதல் வெளியிட்டு வரும் 'கிரஷ்ட்' அறிக்கைகளில், விரல் நசுங்கும் விபத்துகளின் முக்கியக் காரணமாக பவர் பிரஸ் திரும்பத் திரும்ப வருகிறது.

அப்படி ஒரு விபத்து நடந்ததும் பட்டறையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "கிளவுஸ் போட்டிருந்தானா?" அடுத்த கேள்வி, "கவனமா இருக்கச் சொல்லியிருந்தோமே?"

இரண்டுமே தவறான இடத்தில் தொடங்கும் கேள்விகள். ஏன் என்று புரிய, 'கட்டுப்பாடுகளின் படிநிலை' என்ற ஒரு எளிய வரிசை தெரிந்தால் போதும்.

அது என்ன வரிசை?

ஓர் ஆபத்தைச் சமாளிக்க ஐந்து வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஆபத்தையே இல்லாமல் செய்வது (நீக்குதல்). இரண்டு, குறைவான ஆபத்துள்ள ஒன்றை அதன் இடத்தில் வைப்பது (மாற்றீடு). மூன்று, மனிதனுக்கும் ஆபத்துக்கும் நடுவே இயந்திர ரீதியான தடுப்பு வைப்பது (பொறியியல் கட்டுப்பாடு). நான்கு, விதிமுறை, பயிற்சி, எச்சரிக்கைப் பலகை, வேலை நேர ஒழுங்கு (நிர்வாகக் கட்டுப்பாடு). ஐந்து, கையுறை, கண்ணாடி, காதடைப்பான் போன்ற தற்காப்புச் சாதனங்கள்.

பணியிடப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 45001 தரநிலை 8.1.2ஆம் பிரிவில் இந்த ஐந்தையும் இதே வரிசையில் வைக்கிறது. மேலிருந்து தொடங்க வேண்டும். மேல் படியில் முடியாததற்கு மட்டும் கீழே இறங்க வேண்டும். பல படிகளைச் சேர்த்தும் பயன்படுத்தலாம்.

ஏன் இந்த வரிசை? செலவு அடிப்படையில் இல்லை. ஒரு மனிதன் எத்தனை முறை தவறாமல் நடந்துகொண்டால் அந்தப் பாதுகாப்பு வேலை செய்யும் என்பதுதான் அளவுகோல். மேலே உள்ள படிகள் யாருடைய கவனத்தையும் நம்பியிருப்பதில்லை. கீழே போகப் போக, முழுச் சுமையும் தொழிலாளியின் கவனத்தின் மேல் வந்து விழுகிறது.

ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம்

ஃபரிதாபாதில் ஒரு சின்ன பிரஸ் ஷாப் இருப்பதாக வெச்சுக்குவோம். 50 டன் பவர் பிரஸ், நிமிடத்துக்கு 60 சுற்று. இரு சக்கர வாகனத்துக்கான ஒரு பிராக்கெட்டை மூன்று அடியில் செய்கிறார்கள். முதல் அடியில் நீளப் பட்டையிலிருந்து துண்டை வெட்டுகிறார்கள். இரண்டாவதில் துளை போடுகிறார்கள். மூன்றாவதில் வளைக்கிறார்கள்.

முதல் அடியில் பட்டையை வெளியிலிருந்து தள்ளினால் போதும், கை டைக்குள் போகாது. பிரச்சினை அடுத்த இரண்டில்தான். ஒவ்வொரு துண்டையும் கையால் எடுத்து டையின் மேல் வைத்து, காலால் பெடலை மிதித்து, அடி விழுந்த பிறகு கையால் எடுக்க வேண்டும். ஒரு ஷிஃப்டில் 2,000 துண்டு. வருடத்துக்கு 300 வேலை நாள். அப்படியானால் ஒரே ஆளின் கை வருடத்துக்கு 6 லட்சம் முறை பஞ்சுக்கும் டைக்கும் நடுவே போய் வருகிறது.

அந்தத் தொழிலாளி 99.99% கவனமாக இருக்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 0.01% என்பது வருடத்துக்கு 60 தவறு. ஒவ்வொரு தவறும் விபத்தாக முடிவதில்லைதான். ஆனால் விரல் போக ஒரே ஒரு முறை போதும்.

இந்த பிரஸ்ஸில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நம் சின்னப் பட்டறைகளில் உள்ள பழைய பிரஸ்கள் பல 'கீ கிளட்ச்' வகை. பெரிய ஃபிளைவீல் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்ததும் ஒரு சாவி போன்ற துண்டு திரும்பி, ஃபிளைவீலையும் தண்டையும் பூட்டும். பூட்டிவிட்டால் ஒரு முழுச் சுற்று முடியும் வரை ரேம் நிற்காது. நடுவில் நிறுத்த வழியே கிடையாது. இந்த ஒரு தகவலை மட்டும் நினைவில் வையுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

அந்தச் சாவி தேய்ந்தாலோ, அதன் ஸ்பிரிங் உடைந்தாலோ, பெடலை மிதிக்காமலேயே ரேம் இரண்டாவது முறை இறங்கும். துண்டை எடுக்கக் கை உள்ளே இருக்கும் நேரத்தில்தான் இது நடக்கும். இதில் தொழிலாளி செய்த தவறு என்று எதைச் சொல்வது?

படி 1: கை உள்ளே போகும் தேவையையே நீக்குவது

இங்கே கேட்க வேண்டிய கேள்வி: இந்தத் துண்டை யாராவது கையால் டைக்குள் வைத்தே ஆக வேண்டுமா?

'ப்ராக்ரஸிவ் டை' என்று ஒன்று இருக்கிறது. ஒரே டைக்குள் வரிசையாகத் துளை, வளைவு, வெட்டு என்று எல்லா நிலையங்களும் இருக்கும். தகட்டுச் சுருள் ஒரு பக்கம் ஃபீடர் வழியாகத் தானாக நகரும், மறுபக்கம் முடிந்த பிராக்கெட் விழும். மூன்று அடி ஒன்றாகிவிடுகிறது. 6 லட்சம் முறை உள்ளே போன கை, உற்பத்தி ஓடும்போது ஒரு முறைகூடப் போக வேண்டியதில்லை. டையை மாற்றும்போதும் பழுது பார்க்கும்போதும் உள்ள ஆபத்து மட்டும் மிச்சம் இருக்கும். அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

சரி, அப்போ ஏன் எல்லோரும் இதைச் செய்வதில்லை? இந்த டைக்கு முதலீடு அதிகம், சுருளும் ஃபீடரும் வேண்டும். மாதம் ஒரு லட்சம் துண்டு ஓடினால் கட்டுப்படியாகும், இரண்டாயிரம் ஓடினால் ஆகாது. இதைவிட முக்கியமான ஒன்று, பல இடங்களில் டை பட்டறைக்காரருடையதே இல்லை. ஆர்டர் கொடுக்கும் கம்பெனி தன் செலவில் செய்து கொடுத்தது. ஆக, நீக்குதல் என்ற முதல் படி பட்டறைக்குள் முடிவாவதில்லை. வரைபடம் போடும் டிசைன் இன்ஜினியரும், டைக்குப் பணம் ஒதுக்கும் பர்ச்சேஸ் பிரிவும் உட்காரும் ஏசி அறையில் முடிவாகிறது. அந்த அறையில் நீங்கள் இருக்கலாம்.

படி 2: இயந்திரத்தை மாற்றுவது

எண்ணிக்கை குறைவு, கையால்தான் வைக்க வேண்டும் என்றால் அடுத்த கேள்வி: நடுவில் நிறுத்தவே முடியாத இந்த இயந்திரத்துக்குப் பதில் வேறொன்று வைக்கலாமா?

துளை போடவும் வளைக்கவும் ஹைட்ராலிக் பிரஸ் பயன்படுத்தலாம். ரேம் மெதுவாக வரும், எந்த இடத்திலும் நிற்கும். அல்லது காற்றழுத்தத்தில் இயங்கும் ஃப்ரிக்ஷன் கிளட்ச் உள்ள பிரஸ். கிளட்சை விடுவித்து பிரேக் பிடித்தால் பாதி வழியிலேயே ரேம் நின்றுவிடும்.

மாற்றீட்டில் எப்போதும் ஒரு கொக்கி உண்டு. பழைய ஆபத்து போகும், புதியது ஒன்று வரும். ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வேகம் குறையும். எண்ணெய்க் கசிவு தரையை வழுக்கலாக்கும். வால்வு கசிந்தால் ரேம் தானாகக் கீழே இறங்கும். அதனால் புது இயந்திரம் வந்ததும் வேலை முடிந்தது என்று இல்லை. அதன் ஆபத்துகளை மறுபடி முதலில் இருந்து எழுதிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிறுத்த முடிகிற பிரஸ் தன்னளவில் கையைக் காப்பாற்றாது. எப்போது நிற்க வேண்டும் என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டும். அது மூன்றாம் படியின் வேலை.

படி 3: கைக்கும் டைக்கும் நடுவே ஒரு தடுப்பு

சின்னப் பட்டறைக்கு நடைமுறையில் அதிகம் உதவுவது இந்தப் படிதான். அதிகம் ஏமாற்றப்படுவதும் இங்கேதான்.

எளிய வழி, நிலையான கார்டு. டையைச் சுற்றி கம்பியோ கண்ணாடி போன்ற பாலிகார்பனேட்டோ போட்டு, ஸ்பேனர் இல்லாமல் கழற்ற முடியாதபடி போல்ட் அடிப்பது. தகடு நுழைய ஒரு பிளவு வேண்டும், அவ்வளவுதான். ஐஎஸ்ஓ 13857 தரநிலைப்படி பிளவு 6 மில்லிமீட்டர் வரை இருந்தால் டை அதிலிருந்து 10 மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலே போதும், விரல் எட்டாது. அதே பிளவு 10 மில்லிமீட்டர் ஆனால் 80 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். "கார்டு இருக்கா?" என்று கேட்பதைவிட "பிளவு எவ்வளவு, டை எவ்வளவு தூரம்?" என்று கேட்பதே சரியான கேள்வி.

துண்டைக் கையால் வைக்கும் வேலைக்கு என்ன செய்வது? ஒரு தட்டு சறுக்கும் ஏற்பாடு செய்யலாம். கார்டுக்கு வெளியே துண்டைத் தட்டில் வைத்து உள்ளே தள்ளினால், தட்டு டைக்கு நேராகப் போய் உட்காரும். அடி விழுந்த பின் வெளியே இழுத்தால் துண்டு வரும். உள்ளூர் டூல் ரூமிலேயே செய்துவிடலாம். சாவி தேய்ந்து ரேம் தானாக இறங்கினாலும் விரல் தப்பும், ஏனென்றால் விரல் உள்ளேயே இல்லை.

இப்போது பலர் விழும் குழிக்கு வருவோம். ஆடிட் வரப்போகிறது என்றதும், பெடலை எடுத்துவிட்டு இரண்டு பட்டன் வைப்பார்கள். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் ரேம் இறங்கும். பார்க்கப் பாதுகாப்பாகத்தான் தெரியும். ஆனால் கணக்கு வேறு சொல்கிறது.

கீ கிளட்சில் சாவி பூட்டக்கூடிய இடம் ஒரு சுற்றுக்கு ஒன்றுதான் என்று வைப்போம். பட்டனை அழுத்தும் நேரத்தில் அந்த இடம் அப்போதுதான் கடந்து போயிருந்தால், அடுத்த முறை வர ஒரு முழுச் சுற்று காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 60 சுற்று என்பதால் அது 1 வினாடி. பிறகு ரேம் கீழே வர அரைச் சுற்று, அரை வினாடி. ஆக, பட்டனை விட்ட பிறகும் 1.5 வினாடிக்கு ஆபத்து இருக்கிறது. மனிதக் கை வினாடிக்கு 1.6 மீட்டர் நகரும் என்று அமெரிக்காவின் பவர் பிரஸ் விதிகள் எடுத்துக்கொள்கின்றன.

```
1.5 × 1.6 = 2.4 மீட்டர்
```

பட்டன்கள் டையிலிருந்து 2.4 மீட்டர் தள்ளி இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு உண்மையானது. பட்டறையிலோ அவை அரை மீட்டரில் இருக்கும். துண்டு கோணலாக இருப்பதைப் பார்த்து, பட்டனை விட்டுவிட்டு அதைச் சரிசெய்யக் கை நீளும். ரேம் அதற்குள் கிளம்பியிருக்கும். தவிர, இரண்டு பட்டன் காப்பது அழுத்துபவரின் கையை மட்டும்தான். பக்கத்தில் நிற்கும் ஹெல்ப்பரின் கைக்கு அதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

இதே காரணத்தால், கீ கிளட்ச் பிரஸ்ஸில் லைட் கர்ட்டன் மாட்டுவதும் அலங்காரம் மட்டுமே. ஒளித்திரைக்குள் விரல் போனதும் அது 'நிறுத்து' என்று சொல்லும். ஆனால் நிறுத்தவே தெரியாத இயந்திரத்திடம் சொல்லி என்ன பயன்?

ஃப்ரிக்ஷன் கிளட்ச் பிரஸ்ஸில் லைட் கர்ட்டன் வேலை செய்யும், சரியான தூரத்தில் இருந்தால். 14 மில்லிமீட்டர் தடிப்பான விரலைக் கண்டுபிடிக்கும் கர்ட்டனுக்கு, கை நெருங்கும் வேகத்தை வினாடிக்கு 2,000 மில்லிமீட்டர் என்று ஐஎஸ்ஓ 13855 எடுத்துக்கொள்கிறது. கர்ட்டன் உணர்வதிலிருந்து ரேம் முழுதாக நிற்கும் வரை 0.15 வினாடி ஆகிறது என்றால், 2000 × 0.15 = 300 மில்லிமீட்டர் தள்ளி மாட்ட வேண்டும். ஒரு வருடம் கழித்து பிரேக் லைனிங் தேய்ந்து, நிற்கும் நேரம் 0.2 வினாடி ஆகிறது. இப்போது தேவைப்படும் தூரம் 400. ஆனால் கர்ட்டன் அதே 300இல் இருக்கிறது. பச்சை விளக்கு எரிகிறது, கையை நீட்டினால் ரேமும் நிற்கிறது. ஆனால் நிற்பதற்குள் கை போய்ச் சேர்ந்துவிடும். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. நிற்கும் நேரத்தை அளக்கும் கருவியால் அவ்வப்போது அளந்து, எழுதி வைத்தால் மட்டுமே தெரியும்.

படி 4: விதியும் பயிற்சியும்

இந்தப் படி தேவையில்லாதது இல்லீங்க. டை மாற்றுவதைப் பயிற்சி பெற்ற செட்டர் மட்டும் செய்வது, அப்போது மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டி, ஃபிளைவீல் முழுதாக நின்ற பிறகு ரேமுக்குக் கீழே பாதுகாப்புக் கட்டை வைப்பது, ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் கார்டு, கிளட்ச், பிரேக் மூன்றையும் சோதிப்பது ஆகியவற்றை எந்த இயந்திரமும் தானாகச் செய்யாது.

ஆனால் விதி இன்னொரு விதியோடு மோதும்போது எது ஜெயிக்கும்? சுவரில் 'பாதுகாப்பே முதன்மை' என்று ஒரு பலகை. பக்கத்துப் பலகையில் 'இன்றைய இலக்கு 2,000'. கார்டோடு ஓட்டினால் 1,700தான் வருகிறது என்றால், மதியத்துக்குள் கார்டு கழற்றப்பட்டு மூலையில் சாய்ந்திருக்கும். ஒரு பட்டனில் குச்சி செருகப்பட்டிருக்கும். அதைச் செய்தவரைத் திட்டுவதற்கு முன், இலக்கை எழுதியவர் யார் என்று கேளுங்கள். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டின் பத்தாவது மணி நேரத்தில், சுவரில் உள்ள பலகையை யாரும் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

படி 5: கிளவுஸ்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். தோல் கையுறை தகட்டின் கூரான விளிம்பிலிருந்து கையைக் காக்கும். அதற்காக அது கட்டாயம் வேண்டும். ஆனால் 50 டன் விசையில் இறங்கும் பஞ்சுக்கு முன்னால், கையுறை போட்ட விரலுக்கும் போடாத விரலுக்கும் வித்தியாசம் கிடையாது. அதே பட்டறையின் டிரில்லிங் மெஷினில் கையுறை போடவே கூடாது. சுற்றும் டிரில் அதைப் பற்றிக்கொண்டு கையையும் சேர்த்து இழுக்கும்.

தற்காப்புச் சாதனம் எதற்கு உதவும் என்பதற்கு பிரஸ்ஸின் சத்தம் நல்ல உதாரணம். நம் தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேரத்துக்கான வரம்பு 90 டெசிபெல். ரப்பர் பேட், தடுப்புச் சுவர் எல்லாம் வைத்த பிறகும் சத்தம் மிஞ்சினால், அந்த மிச்சத்துக்குக் காதடைப்பான். கடைசிப் படியின் இடம் அதுதான்: மற்ற நான்கும் விட்டுவைத்த மிச்சத்துக்கு.

சட்டம் என்ன சொல்கிறது?

இயந்திரத்தின் ஆபத்தான பகுதிகளை உறுதியான தடுப்பால் மூட வேண்டும், அவை இயங்கும்வரை அந்தத் தடுப்பு அதன் இடத்தில் இருக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொன்னது. அந்தப் பொறுப்பைத் தொழிலாளியின் கவனத்தின் மேல் அது வைக்கவில்லை. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2020 பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்து, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மின்சாரம் பயன்படுத்தும் இடம் 'தொழிற்சாலை' ஆவதற்கான எண்ணிக்கை அதில் 10 தொழிலாளர்களிலிருந்து 20ஆக உயர்ந்திருக்கிறது. மிகச் சிறிய பட்டறைகள் பலவற்றுக்கு இது வித்தியாசத்தை ஏற்படுத்தும்.

விரல் போன பிறகு கிடைப்பதற்கும் ஒரு அட்டவணை இருக்கிறது. அதன்படி ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14% இழப்பு, கட்டை விரலுக்கு 30%. அதே தொழிலாளி அடுத்த பட்டறையில் வேலை கேட்டுப் போகும்போது முதலாளி அவர் கையைப் பார்ப்பார், அட்டவணையைப் பார்க்க மாட்டார்.

நீங்கள் அந்தப் பட்டறைக்குப் போனால்

சப்ளையர் குவாலிட்டி, பர்ச்சேஸ், டிசைன், ஆடிட் என்று எந்த வேலையாக இருந்தாலும், பிரஸ் முன்னால் நின்று நான்கு விஷயங்களைப் பாருங்க.

ஒன்று, அடி விழும்போது கை எங்கே இருக்கிறது? கார்டுக்கு வெளியே என்றால் நல்லது. உள்ளே போய் வருகிறது என்றால் அடுத்த மூன்றும் முக்கியம்.

இரண்டு, கிளட்ச் எந்த வகை? கீ கிளட்ச் என்றால், பட்டனையும் லைட் கர்ட்டனையும் பாதுகாப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். கார்டும் சறுக்குத் தட்டும் எங்கே என்று கேளுங்கள்.

மூன்று, ஃப்ரிக்ஷன் கிளட்ச் என்றால், கடைசியாக அளந்த நிற்கும் நேரம் எவ்வளவு, எந்தத் தேதியில்? பதில் இல்லையென்றால், அந்தக் கர்ட்டனின் தூரம் வெறும் ஊகம்.

நான்கு, இன்றைய இலக்கு கார்டு மாட்டிய நிலையில் எட்டக்கூடியதா? அரை மணி நேரம் நின்று எண்ணுங்கள். எட்ட முடியாது என்றால், திருத்த வேண்டியது தொழிலாளியின் பழக்கத்தை இல்லை. உங்கள் கம்பெனி அனுப்பிய டெலிவரி ஷெட்யூலையோ, துண்டுக்குக் கொடுக்கும் விலையையோ, அந்த டையையோதான்.

அடுத்த விபத்து அறிக்கையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு. கையுறை அணிய அறிவுறுத்தப்பட்டது' என்ற வரியைப் படித்தால், அதில் நான்காம் படியும் ஐந்தாம் படியும் மட்டுமே இருப்பதைக் கவனியுங்கள். முதல் மூன்று படிகளைப் பற்றி ஒரு கேள்வியை எழுதித் திருப்பி அனுப்புங்கள். அந்த பிரஸ் நாளை காலையும் ஓடும், வேறொருவர் கை உள்ளே போகும்.